கழுத்து வரை எண்ணெய்

அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். தம்பியின் மனைவி நிறுவனர். தம்பி உற்பத்தித் தலைவர். அக்கா பேக்கிங். நிறுவனத்துக்கு விசிட்டிங் கார்டு அடித்தபோது முதல் இருவருக்கும் ஆளுக்கு நூறு வந்தது. அக்கா யாரையும் சந்திக்கப் போவதில்லை, சந்திப்பதெல்லாம் அட்டைப்பெட்டிகளைத்தான், அவற்றுக்குக் கார்டு கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டார்கள். நியாயம்தான்.

அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. இருபது வருஷத்துக்கு மேல் ஒரு கண்ணாடிப் பாத்திரக் கடையில் இருந்தாள். டம்ளரைப் பழைய பேப்பரில் சுற்றி, டம்ளருக்குள் டம்ளர் இடிக்காமல் அடுக்கி, பஸ்ஸில் நின்றுகொண்டு போகிற மனிதர் கையிலும் முழுசாகப் போய்ச் சேரும்படி கட்டிக் கொடுப்பது அவள் வேலை. கடையை மூடிய வருஷம்தான் தம்பி மனைவி சமையலறையில் முகத்துக்கு எண்ணெய் காய்ச்ச ஆரம்பித்தாள். குடும்பத்தில் ஒருத்தி வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறாள், இன்னொருத்திக்கு வேலைக்கு ஆள் வேண்டும். இதற்குப் பெயர் ஆதரவு என்று இரு தரப்பும் வெளியில் சொல்லிக்கொண்டன, யார் யாரை ஆதரிக்கிறார்கள் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு.

இப்போது சமையலறை போய் உரிமம் வந்துவிட்டது. முன்னறையில் தம்பி வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு எண்ணெயும் கிரீமும் நிரப்பினான். நடு அறையில் நிறுவனர் லேப்டாப்போடு இருந்தாள். பின்னறை, அதாவது முன்பு கார் நின்ற இடம், அக்காவுடையது. அங்கே ஒரு நீள மேசை, டேப் வெட்டும் கட்டை, லேபிள் பிரிண்டர், எடை மெஷின், கூரை வரை மடித்து வைத்த பெட்டிகள். நாட்டின் எந்த மூலைக்கும் முகத்தின் பொலிவு இந்த மேசையிலிருந்துதான் கிளம்பியது. பொலிவுக்கு ஒரு ஜன்னல்கூட இல்லை.

மாலை நான்கு மணிக்கு வரும் கூரியர்காரர் அவளைப் ‘பெட்டியக்கா’ என்றுதான் கூப்பிடுவார். அவளைவிட அவருக்கு நாலைந்து வயது கூடுதல். அதை அவர் பொருட்படுத்துவதில்லை. அவள் கணவர் இன்னொரு ரகம். வீட்டுக்குள் நுழையும்போதே, “இன்னைக்கு எத்தனை பேருக்கு முகம் அனுப்பின?” என்பார். அவர் முகத்துக்கு அவள் எதுவும் அனுப்பியதில்லை. பிரயோஜனம் இருக்காது என்று அவள் நினைத்திருக்கலாம்.

வேலையை அவள் ஒரே மாதிரி செய்வாள். மூடியை இறுக்கிப் பார்ப்பாள். பாட்டிலைச் சின்ன ஜிப் கவரில் போடுவாள். குமிழி ஷீட்டில் இரண்டு சுற்று. பெட்டியில் அடியிலும் மேலும் பக்கத்திலும் கசக்கிய காகிதம். மூடி, டேப் ஒட்டுவதற்கு முன்னால் பெட்டியைக் காதருகே வைத்து ஒரு குலுக்கு. உள்ளே ஏதாவது பேசினால் திரும்பப் பிரிப்பாள். பேசாத பெட்டிதான் கிளம்பும். “மனுஷங்களையும் இப்படிச் செக் பண்ணி அனுப்பலாம்” என்று கூரியர்காரர் ஒருமுறை சொன்னார். அவள் நடு அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு லேபிள் ஒட்டினாள்.

போனது எல்லாம் போய்விட்டால் பரவாயில்லை. திரும்பி வருவதும் அவள் மேசைக்குத்தான் வரும். ஆர்டர் போட்டவர் மூன்று முறையும் வீட்டில் இல்லை என்று, பதினொரு நாள் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு ஒரு லிப் பாம் வரும், அதைவிட அதிகமாக நாட்டைப் பார்த்தவர்கள் அந்த வீட்டில் யாரும் இல்லை. முக்கால் டப்பா கிரீமைப் பூசி முடித்தபிறகு ‘என் சருமத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று ஒருவர் அனுப்புவார், சருமம் முடிவெடுக்க அவ்வளவு நேரம் எடுத்திருக்கிறது. ஒரு பெட்டியில் வேறு கம்பெனி சோப்பு வந்தது, பாதி கரைந்து.

இதையெல்லாம் பிரிக்க ஒரு முறை இருந்தது. போனை ஸ்டாண்டில் மாட்டி வீடியோவை ஓடவிட வேண்டும். முதலில் பெட்டியின் ஆறு பக்கமும் கேமராவுக்குக் காட்ட வேண்டும். அப்புறம் லேபிள், அப்புறம் கத்தி, அப்புறம் உள்ளே இருப்பது. வீடியோவை நடுவில் நிறுத்தினால் கூரியர் கம்பெனி நஷ்ட ஈட்டுக்கான மனுவைத் திரும்பிக்கூடப் பார்க்காது. சீல் உடையாமல் வந்தது ஒரு தட்டில், திறந்தது எதுவானாலும் இன்னொரு தட்டில். திறந்ததை மறுபடி விற்கக்கூடாது, பார்க்கப் புதுசாக இருந்தாலும் அழிக்க வேண்டியதுதான். “யாரோ ஒருத்தர் விரல விட்டுப் பாத்ததுக்கு நம்ம என்னக்கா பண்ண முடியும்” என்று நிறுவனர் ஒவ்வொரு முறையும் பெருமூச்சு விடுவாள். பெருமூச்சு அவள் இலாகா. கொட்டிக் கழுவுவது அக்கா.

எண்ணெய்ப் பிரச்சனை ஆரம்பித்தது ஒரு மாதத்துக்கு முன்னால். முகத்துக்கான எண்ணெய், முப்பது மில்லி கண்ணாடி பாட்டில், சொட்டு விடும் குழாய் மூடியோடு சேர்ந்தே இருக்கும். கம்பெனியில் அதிகம் விற்பது அதுதான். திடீரென்று அது வழிய ஆரம்பித்தது. பாட்டில் உடையவில்லை, ஒரு கீறல் இல்லை. பெட்டிக்குள் பத்திரமாக, பஞ்சுமெத்தையில் படுத்த மாதிரி, தன் எண்ணெயில் தானே குளித்துக்கொண்டு போய் இறங்கியது. வாரத்துக்கு ஒன்று, அப்புறம் மூன்று, அப்புறம் நாற்பதில் ஒன்பது.

நஷ்ட ஈடு கேட்டார்கள். கூரியர் கம்பெனியிலிருந்து ஒன்பதுக்கும் ஒரே பதில். வெளிப்பெட்டியில் சேதம் இல்லை, எனவே உள் பேக்கிங் போதுமானதாக இல்லை.

“பேக்கிங்ல ஏதோ மிஸ் ஆகுது அக்கா” என்றாள் நிறுவனர்.

மிஸ் ஆகுது. யாரும் எதையும் விடவில்லை, அது தானாகவே எங்கோ நழுவுகிறது. இருபது வருஷக் கண்ணாடிக்காரியிடம் இதைவிட மரியாதையாகக் குற்றம் சொல்ல முடியாது.

அக்கா இரண்டு சுற்றை நான்காக்கினாள். பெட்டி பெரிதாக வேண்டியிருந்தது. ஜிப் கவருக்குள் இன்னொரு ஜிப் கவர். மூடியைச் சுற்றி டேப். முன்பு எண்ணெய் பெட்டியில் வழிந்தது, இப்போது இரண்டு கவருக்குள் நேர்த்தியாகத் தேங்கி நின்றது. வாடிக்கையாளர்கள் போட்டோ எடுத்து அனுப்பினார்கள். ஒருத்தி மட்டும், ‘பேக்கிங் மிக அருமை, பாட்டிலில்தான் எண்ணெய் இல்லை’ என்று எழுதியிருந்தாள். அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். நிறுவனர் இரண்டாம் பாதியை மட்டும் படித்தாள்.

வியாழக்கிழமை கூரியர்காரர் மூட்டையைக் கீழே வைக்காமல் நின்றார்.

“பெட்டியக்கா, ஒரு விஷயம். தப்பா எடுத்துக்காதீங்க.”

“சொல்லுங்க. தப்பா எடுத்துக்கறதுக்குத்தானே என்னை இங்க வெச்சிருக்காங்க.”

“உங்க எண்ணெய் ஒண்ணு மூட்டைக்குள்ள வழிஞ்சு பக்கத்துப் பார்சல நாசம் பண்ணிருச்சு. எவனோ ஒருத்தனோட காலேஜ் சர்ட்டிபிகேட்டு. ஒரிஜினல். இப்ப அந்தப் பக்கம் புடிச்சா இந்தப் பக்கம் தெரியுதாம். ஆபீஸ்ல சொல்லச் சொன்னாங்க, இன்னும் ஒண்ணு வழிஞ்சா உங்க பிக்கப்ப நிறுத்திருவோம்னு.”

“உடையும்னு அவ்வளவு பெருசா சிவப்புல ஒட்டறேனே, மெதுவா வைக்க மாட்டாங்களா?”

“அதெல்லாம் ஒட்டுங்க, பாக்க நல்லாருக்கு. அங்க பெல்ட்ல ஓடற வேகத்துக்கு எவன் படிக்கறான்? தலகீழா விழும், பக்கவாட்டுல விழும். அப்புறம் லாரி. தகரக் கூரை, ரெண்டு நாள் வெயில்ல நிக்கும். உள்ள கை வெக்க முடியாது.”

அவர் போனதும் நிறுவனர் வந்தாள். குரலில் ஏகப்பட்ட கனிவு. கனிவு வந்தால் அக்கா டேப்பைக் கீழே வைத்துவிடுவாள்.

“அக்கா, உங்களுக்கும் வயசாகுது. நாள் முழுக்க நின்னுக்கிட்டே இருக்கீங்க. ஒரு கோடவுன் கம்பெனி இருக்காம், நம்ம சரக்க அவங்ககிட்ட குடுத்துட்டா அவங்களே பேக் பண்ணி அவங்களே அனுப்பிருவாங்க. திங்கக்கிழமை ஆள் வர்றாரு பேச.”

“அப்ப நான்?”

“நீங்க ரெஸ்ட் எடுங்க. எப்ப வேணா வாங்க, போங்க, இது உங்க வீடு.”

சம்பளம் நிற்கும் இடத்தில்தான் சொந்த வீடு ஆரம்பிக்கும். அக்கா இந்த ஓய்வுப் பேச்சைக் கண்ணாடிக் கடை மூடியபோதே ஒருமுறை கேட்டிருந்தாள். அந்த முதலாளியும் ஓய்வைத்தான் பரிந்துரைத்தார். ஆனால் அவர் கடையை மூடினார், அவள் கட்டிக் கொடுத்ததில் குறை சொல்லவில்லை. இங்கே கடை ஓடும், அவள் மட்டும் போவாள், போகும்போது ‘அந்த அக்கா கட்டினா வழியும்’ என்ற பெயரோடு போவாள். அந்தப் பெயரோடு போக மட்டும் அவள் தயாராயில்லை.

வெள்ளிக்கிழமை காலை, திரும்பி வந்த பாட்டில்களை அழிக்கும் தட்டிலிருந்து எடுத்து மேசையில் வரிசையாக நிறுத்தினாள். பதினான்கு. ஒவ்வொன்றின் அடியிலும் தம்பி ஒட்டும் சின்ன ஸ்டிக்கர் இருக்கும், தயாரித்த தேதி, பேட்ச் எண். அதை யாரும் படிப்பதில்லை, உரிமம் கொடுப்பவர்களுக்காக ஒட்டுவது. அவள் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேட்ச் எண்களைப் படித்தாள். பதினெட்டு. பதினெட்டு. பத்தொன்பது. பதினெட்டு. கடைசி வரை அப்படியே. பதினேழும் அதற்கு முந்தியதும் ஒன்றுகூட இல்லை. பதினேழாம் பேட்ச்சையும் இதே கையால்தான், இதே இரண்டு சுற்றில்தான், இதே லாரியில்தான் அனுப்பினாள்.

முன்னறைக்குப் போனாள். ஒவ்வொரு பேட்ச்சிலும் இரண்டு பாட்டிலை விற்காமல் சாம்பிளாக எடுத்து வைக்க வேண்டும் என்பது விதி. தம்பி அவற்றைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருந்தான், சாவியை அலமாரி மேலேயே வைத்திருந்தான். பதினேழில் இரண்டு, பதினெட்டில் இரண்டு எடுத்து வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தாள்.

பதினேழில் எண்ணெய் பாட்டிலின் தோள் வரை நின்றது. பதினெட்டில் கழுத்து வரை.

பிறகு நான்கையும் பின்னறைக்குக் கொண்டுவந்து, கவரும் குமிழி ஷீட்டும் போடாமல், ஒவ்வொன்றின் கீழும் டிஷ்யூ காகிதம் வைத்து, தலைகீழாக ஒரு பெட்டியில் அடுக்கினாள். டேப் ஒட்டி, வெயிலில் காயும் மொட்டை மாடித் தகரக் கொட்டகைக்குள் வைத்தாள். லாரி கைவசம் இல்லை. இருந்ததை வைத்துச் சமாளித்தாள்.

நான்கு மணிக்குக் கூரியர்காரர் வந்தபோது கிரீம்களை மட்டும் கொடுத்தாள். எண்ணெய்ப் பெட்டிகள் முப்பத்தொன்று மேசையிலேயே இருந்தன.

“இது?”

“இன்னைக்கு அதுக்கு உடம்பு சரியில்லை. போகாது.”

இதை நிறுவனரிடம் அவள் சொல்லவில்லை. சனிக்கிழமை காலை லேப்டாப்பே சொல்லிவிட்டது. முப்பத்தொரு ஆர்டர் அனுப்பப்படவில்லை என்று சிவப்பில் எழுதியிருந்தது.

“அக்கா! என்னக்கா இது? போறதுக்குள்ள இப்படியா பண்ணுவீங்க?”

“நான் இன்னும் போகலம்மா. திங்கக்கிழமைதானே. தம்பியையும் கூப்பிடு.”

தம்பி தொப்பியோடு வந்தான். தொப்பி போட்டிருந்தால் அவன் தலைவர், கழற்றினால் தம்பி. அக்கா போனை ஸ்டாண்டில் மாட்டி வீடியோவை ஓடவிட்டாள். மாடியிலிருந்து கொண்டுவந்த பெட்டியின் ஆறு பக்கமும் காட்டினாள்.

“இது எதுக்கு?” என்றான் தம்பி.

“வீடியோ இல்லாத பேச்சை இந்தக் கம்பெனியில யாரும் நம்பறதில்லயே.”

கத்தியால் டேப்பை வெட்டினாள். பதினேழாம் பேட்ச் இரண்டுக்கும் கீழே டிஷ்யூ வெள்ளையாக இருந்தது. பதினெட்டுக்குக் கீழே இருந்ததை விரலால் தூக்கினாள், கண்ணாடி மாதிரி தெரிந்தது. காலேஜ் சர்ட்டிபிகேட்டும் இப்படித்தான் ஆகியிருக்கும்.

தம்பி பாட்டிலைத் திருப்பி ஸ்டிக்கரைப் பார்த்தான். “அக்கா, இது கண்ட்ரோல் சாம்பிள்! பூட்டி வெச்சிருந்தேன்!”

“ஆமா. சாவிய மேலேயே வெச்சுப் பூட்டியிருந்த.”

“இதைத் தொடவே கூடாது, மூணு வருஷம் வெக்கணும், இன்ஸ்பெக்டர் வந்தா—”

“வந்தா இந்த டிஷ்யூவையும் காட்டு.”

“மூடி சரியில்லாம இருக்கும்” என்றான் உற்பத்தித் தலைவர், யோசிக்காமல். “மூடி விக்கறவன் ஏமாத்திட்டான்.”

“ரெண்டு பேட்ச்சுக்கும் ஒரே மூட்டை மூடிதான். மூட்டைய வண்டியிலேர்ந்து இறக்கினதே நான். எண்ணெய் எங்க நிக்குதுன்னு பாரு.”

அவள் மார்க்கரை எடுத்து, பதினேழில் தோளில் ஒரு கோடு, பதினெட்டில் கழுத்தில் ஒரு கோடு போட்டாள். இரண்டையும் சேர்த்து மேசையில் வைத்தாள். குழந்தைகளுக்கு உயரம் குறித்த சுவர் மாதிரி இருந்தது, ஒரு மாதத்தில் பாட்டில் நன்றாக வளர்ந்திருந்தது.

“முப்பது மில்லின்னு வெளிய போட்டிருக்கு. நீ எவ்வளவு ஊத்தற?”

தம்பி நிறுவனரைப் பார்த்தான். நிறுவனர் பிரிண்டரைப் பார்த்தாள்.

விஷயம் இதுதான். ஆறு வாரத்துக்கு முன்னால் ஒருத்தர் ஒற்றை நட்சத்திரம் போட்டு, ‘பாட்டிலில் பாதி காற்று, காற்றை நான் வீட்டிலேயே பிடித்துக்கொள்வேன்’ என்று எழுதியிருந்தார். நிறுவனர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நாற்பது பேர் ஐந்து நட்சத்திரம் போட்டதெல்லாம் அவள் கண்ணுக்குப் படவில்லை, அந்த ஒற்றை நட்சத்திரம் மட்டும் தலைக்கு மேலேயே மின்னியது. மூன்றாம் நாள் முன்னறைக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தாள்.

“நான் கொஞ்சம் கூட்டித்தான் ஊத்தச் சொன்னேன்” என்றாள் இப்போது.

“கழுத்து வரைக்கும்னு சொன்ன.”

“கழுத்துன்னா ஒரு பேச்சுக்கு! நீங்க அப்படியே கழுத்து வரைக்கும் ஊத்திருவீங்களா?”

“பின்ன? நீ சொல்லி நான் எத செய்யாம இருந்திருக்கேன்?”

“போன வருஷம் மாடிக் குழாயச் சரி பண்ணச் சொன்னேன்.”

“அது வீட்டு விஷயம், இது கம்பெனி விஷயம்.”

இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே நடப்பதால் எது எங்கே முடிகிறது என்று தெரிந்துகொள்ள முடியாது. அக்கா அவர்கள் முடிக்கும் வரை ஒரு பெட்டியை மடித்து வைத்தாள், பிறகு இன்னொன்று. நான்காவது பெட்டியில் அமைதி வந்தது.

“கழுத்து வரைக்கும் ஊத்திட்டு இந்தக் குழாய உள்ள விட்டா என்ன ஆகும்?” என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் புது பாட்டில் ஒன்றைத் திறந்து மூடிக் காட்டினாள். குழாய் இறங்கிய அளவுக்கு எண்ணெய் ஏறி வாயைத் தாண்டி வழிந்தது. “நீ வெளிய துடைச்சிருவ. மூடி திருகற மரையில இருக்கறத யார் துடைப்பா? மரை எண்ணெயா இருந்தா மூடி எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கிக்கிட்டே வரும். லாரியில சூடு ஏறினா எண்ணெய் பொங்கும், உள்ள இடமே இல்லேன்னா எங்க போகும்? மேல கொஞ்சம் காத்து இருக்கணும்டா. அந்தக் காத்துக்குத்தான் அந்த ஆள் ஒரு ஸ்டார் போட்டிருக்கான்.”

தம்பி தொப்பியைக் கழற்றிவிட்டு பாட்டிலைத் திறந்து மரையில் விரலைத் தேய்த்துப் பார்த்தான். விரலை வேட்டியிலேயே துடைத்துக்கொண்டான். “ஏன்க்கா, இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?”

“என்கிட்ட யாரு சொன்னீங்க அதிகமா ஊத்தறோம்னு? மூடி போட்ட பாட்டில் வருது, பழுப்புக் கண்ணாடி, லேபிள் வேற முக்கால் பாட்டில மறைக்குது. நான் ஒரு மாசமா குமிழி ஷீட்டோட சண்டை போட்டுக்கிட்டு இருக்கேன்.”

நிறுவனருக்கு ஒன்றும் தோன்றாத நேரங்களில் கணக்கெடுப்பது வழக்கம். அலமாரியில் எத்தனை இருக்கிறது என்று எண்ணினாள். பதினெட்டும் பத்தொன்பதுமாக இருநூற்று அறுபது. அத்தோடு கட்டி வைத்த முப்பத்தொன்று.

“எல்லாத்தயும் கொட்டணுமா?”

“எதுக்குக் கொட்டணும்? வெளிய போகாதது, யாரும் தொடாதது. சுத்தமான சிரிஞ்ச்ல நாலு மில்லி உறிஞ்சி எடுத்துட்டு, மரையத் துடைச்சு, மூடிக் குழாயையும் துடைச்சு, மறுபடி மூடணும். ஒரு ராத்திரி தலகீழா நிறுத்திப் பாக்கணும். ஈரம் இல்லாதது மட்டும் என் மேசைக்கு வரட்டும். ஈரத்தோட வந்தா தொட மாட்டேன்.”

“அது சரிதான்…” என்று இழுத்தாள் நிறுவனர். லேப்டாப்பை மூடினாள், திறந்தாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு நடு அறைக்குப் போனாள். சுவர் மெல்லிய சுவர்.

“சார், திங்கக்கிழமை வர வேணாம்… இல்ல சார், ரேட் பிரச்சனை இல்ல… எங்க பேக்கிங்ல ஒரு குறையும் இல்லன்னு தெரிஞ்சிருச்சு… ஆமா சார், நல்லா செக் பண்ணிட்டோம்.”

பண்ணிட்டோம். நிறுவனம் என்றால் அப்படித்தான், தப்பு ‘மிஸ் ஆகுது’, கண்டுபிடிப்பது ‘நாம’. ஆனால் குறை இல்லை என்று ஒரு வெளியாளிடம் அவள் வாயால் சொன்னது அக்காவின் காதில் முழுசாக விழுந்தது. மன்னிப்பு இந்தக் கம்பெனியில் இருப்பில் இல்லாத சரக்கு. இருப்பில் இருந்ததை அவள் வாங்கி வைத்துக்கொண்டாள்.

சாயங்காலத்துக்குள் மருந்துக்கடையிலிருந்து சிரிஞ்ச் வந்துவிட்டது. தம்பி கையுறை மாட்டி முதல் பாட்டிலில் உறிஞ்சினான், மூன்றரை வந்தது, திரும்ப விட்டான், நாலரை வந்தது. நிறுவனர் மரை துடைக்கும் துணியை வெட்டிக்கொண்டே பின்னறைக்கு வந்து சுவரில் சாய்ந்து நின்றாள்.

“அக்கா, வாடிக்கையாளருக்கெல்லாம் ரெண்டு நாள் தாமதம்னு மெயில் போட்டுட்டேன்.”

“நல்லது.”

“இருநூத்தித் தொண்ணூறு பாட்டில். இவர் போற வேகத்துக்கு அடுத்த வாரம்தான் முடியும். நாளைக்கு ஞாயித்துக்கிழமைதான்… நீங்க கொஞ்சம் வந்தீங்கன்னா…”

“எனக்கு வயசாகுதுல்லம்மா” என்றாள் அக்கா. “நாள் முழுக்க நின்னுக்கிட்டே இருக்கேன்.”

நிறுவனர் கையிலிருந்த துணியை இன்னும் சின்னதாக வெட்டினாள்.

அக்கா பிரிண்டரை அணைத்தாள். டேப் கட்டையின் பல்லில் தூசி சேராமல் ஒரு காகிதத்தை மடித்துச் செருகினாள். பையை மாட்டிக்கொண்டு முன்னறை வழியாக வந்தபோது தம்பி நிமிராமல், “நாலு மில்லின்னா சரியா நாலா, இல்ல சுமாரா நாலா?” என்று கேட்டான்.

“தோள் வரைக்கும்” என்றாள். “உன் பொண்டாட்டி வேற எது சொன்னாலும் தோள் வரைக்கும்.”

செருப்பைத் தேடிக் காலில் மாட்டினாள். உள்ளே மறுபடி சத்தம் ஆரம்பித்தது. யார் துடைப்பது, யார் உறிஞ்சுவது என்று. திங்கட்கிழமை ஒன்பது மணிக்குத்தான் அவளுக்கு வேலை. கேட்டைச் சாத்திவிட்டு நடந்தாள்.